மூன்று இடத்தில் மட்டும் பிரியும் பாதை

பாளையங்கோட்டையில் பயோகெமிஸ்ட்ரி படிக்கும் என் அக்கா மகள், பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குளுக்கோஸை உடைத்து இறங்கும் கிளைகாலிசிஸ் ஓரிடத்தில், குளுக்கோஸைத் திரும்பச் செய்து ஏறும் குளுக்கோநியோஜெனிசிஸ் பதினைந்து பக்கம் தள்ளி, நடுவில் யாருடைய செராக்ஸோ பின் அடித்துக் கிடந்தது. "ரெண்டையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணணுமா மாமா?"

வேண்டாம். போன வருஷத்துக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் நெடுக ஒரே ஒரு கோடு போடச் சொன்னேன். மேலே குளுக்கோஸ், கீழே பைருவேட். இடையில் உள்ள பத்துப் படிகளில் ஏழு இரண்டு பக்கமும் போகும். போவதற்கும் வருவதற்கும் அதே நொதிதான். அவற்றுக்குப் பென்சிலில் இருமுனை அம்பு போதும். மிச்சம் 1, 3, 10. பாபநாசத்தில் பவர் ஹவுஸ் டர்பைனைச் சுற்றிவிட்டு இறங்கிய தண்ணீர் தானாக மலையேறாது. இந்த மூன்று படிகளிலும் ஆற்றல் சரிவு அப்படித்தான். மேலே ஏற வேறு நொதி வேண்டும்.

முதல் படியில் இறக்கிவிடுவது ஹெக்சோகைனேஸ், ஈரலில் குளுக்கோகைனேஸ். ஏற்றிவிடுவது குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ். இது ஈரலிலும் சிறுநீரகத்திலும் உண்டு, தசையில் கிடையாது. அதனால்தான் தசை தன் கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக ரத்தத்துக்குக் கொடுக்க முடிவதில்லை.

பத்தாவது படியில் அவள் பைருவேட் கைனேஸுக்கு எதிரே ஒரே அம்பைப் போட்டிருந்தாள். ஏறுவதற்கு அங்கே இரண்டு நொதி வேண்டும். பைருவேட் கார்பாக்சிலேஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்குள், செல்லின் ஆற்றல் காசான ஏடிபி ஒன்றைச் செலவழித்து ஆக்சலோஅசிட்டேட் செய்யும். அப்புறம் பெப்சிகே என்ற நொதி, ஏடிபி மாதிரியே இன்னொரு காசான ஜிடிபி ஒன்றைச் செலவழித்து, அதைப் பத்தாவது படியின் மேல்முனையில் இருக்கும் பிஇபி ஆக்கும். ஓரத்தில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு பெட்டி வரையச் சொன்னேன். இரண்டு பைருவேட்டிலிருந்து ஒரு குளுக்கோஸ் செய்ய மொத்தம் நாலு ஏடிபி, இரண்டு ஜிடிபி. இறங்கும்போது கையில் நிற்பதோ இரண்டே ஏடிபி. இரண்டு பாதையும் ஒரே சமயத்தில் ஓடினால், ஜிடிபியையும் ஏடிபியாக எண்ணி, சுற்றுக்கு நாலு ஏடிபி வீண். ஒன்று ஓடும்போது மற்றது அடங்கியிருக்க ஏற்பாடு வேண்டாமா? அந்த ஏற்பாட்டின் பெரும்பகுதி மூன்றாவது படியில் இருக்கிறது.

அங்கே இறங்க பிஎஃப்கே-1, ஏற ஃப்ரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பட்டேஸ். தூண்டுவதற்குப் பச்சை ஸ்கெட்ச், தடுப்பதற்குச் சிவப்பு. ஏஎம்பி, அதாவது செல்லில் காசு தீர்ந்ததற்கான அடையாளம், பிஎஃப்கே-1க்குப் பச்சை, எதிர் நொதிக்குச் சிவப்பு. ஏடிபியும் சிட்ரேட்டும் பிஎஃப்கே-1க்குச் சிவப்பு. இதுவரை சரி. அடுத்த வரியில் நோட்டு சொன்னது: "ஃப்ரக்டோஸ் பிஸ்பாஸ்பேட் – ஆக்டிவேட்டர்."

"ஏட்டி, எந்த பிஸ்பாஸ்பேட்? 1,6-ஆ, 2,6-ஆ?"

"ரெண்டும் ஒண்ணு இல்லையா?"

இல்லை. 1,6 பாதையிலேயே பிறக்கும் சரக்கு; மூன்றாவது படியில் உருவாகிக் கீழே போய், பத்தாவது படியின் பைருவேட் கைனேஸைத் தட்டி எழுப்பும். 2,6 பாதையில் வருவதே இல்லை. அது ஓரத்தில் தொங்கும் சுவிட்ச். பிஎஃப்கே-1க்குப் பச்சை, எதிர் நொதிக்குச் சிவப்பு. அதைச் செய்வதும் அழிப்பதும் ஒரே புரதம்தான். ஒரு முனை செய்யும், மறுமுனை உடைக்கும். சார்ட்டில் அதைக் கோட்டோடு ஒட்டாமல் தள்ளி வரைய வேண்டும். ஒட்டி வரைந்தால் பாதையின் பதினோராவது படி போலத் தெரியும்.

சார்ட் சரியா என்று பார்க்க ஒரு ராத்திரியை அதன் மேல் ஓட்டிப் பார்த்தோம். எட்டு மணிக்கு இட்லி. காலை ஆறு மணிக்கு வெறும் வயிறு. இன்சுலின் இறங்கியிருக்கும், பசிநேரத்து ஹார்மோனான குளுக்ககான் ஏறியிருக்கும். ஈரலில் என்ன நடக்கும் என்று சார்ட்டில் விரலை ஓட்டினோம். குளுக்ககான் சைக்ளிக் ஏஎம்பி என்ற சேதி மூலக்கூறைக் கூட்டும்; இது மேலே சொன்ன ஏஎம்பி இல்லை. அதனால் புரோட்டீன் கைனேஸ்-ஏ விழித்து, அந்த இருமுனைப் புரதத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். செய்யும் முனை அடங்கும், உடைக்கும் முனை வேலை தொடங்கும். 2,6 குறையும். இறங்கும் பாதை தளரும், ஏறும் பாதை திறக்கும். ஈரலின் பைருவேட் கைனேஸிலும் பாஸ்பேட் ஒட்டி அது மந்தமாகும். கொழுப்பு எரிந்து பெருகும் அசிட்டைல் கோஏ, பைருவேட் கார்பாக்சிலேஸுக்குப் பச்சை.

தாளின் மூலையில் "ஈரல்" என்று கொட்டை எழுத்தில் எழுதவைத்தேன். தசையின் பைருவேட் கைனேஸ் குளுக்ககானுக்கு இப்படி அடங்காது. இதயத்தில் உள்ள அந்த இருமுனைப் புரதத்துக்குப் பாஸ்பேட் ஒட்டினால் விளைவு தலைகீழ். ஒரே தாளில் எல்லா உறுப்பையும் அடைத்தால் மறுபடியும் நோட்டு மாதிரியே ஆகிவிடும்.

அப்புறம் தாளைத் திருப்பிப் போட்டு, பார்க்காமல் வரையச் சொன்னேன். மூன்று இடமும் சரி, 2,6 தள்ளியே தொங்கியது. மைட்டோகாண்ட்ரியா பெட்டியை மட்டும் மறந்திருந்தாள். ஆக்சலோஅசிட்டேட் நடு வெள்ளையில் அநாதையாக நின்றது.