பாஸ்வேர்டு அனுப்பாதீர்கள் அண்ணாச்சி: பேஜ் அனுமதி கேட்டு நாங்கள் எழுதும் கடிதம்

திருநெல்வேலியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, கடையின் ஃபேஸ்புக் பேஜைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எங்களிடம் தருவதாகப் பேசி முடித்த அன்றே வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பினார். முதல் வரியில் அவருடைய செல் நம்பர், இரண்டாவது வரியில் பாஸ்வேர்டு. கூடவே, "ஓடிபி வந்தா உடனே அனுப்புறேன் தம்பி" என்று ஒரு குரல் பதிவு.

நம்பி அனுப்பியிருக்கிறார். ஆனால் அந்தப் பாஸ்வேர்டு கடை பேஜை மட்டும் திறப்பதில்லை. அவருடைய சொந்தக் கணக்கு, வீட்டுப் படங்கள், மெசஞ்சரில் உறவினர்களோடு பேசியது எல்லாமே அதில் திறந்துகொள்ளும். இன்னொரு ஊரிலிருந்து, புது கம்ப்யூட்டரில் நாங்கள் நுழைந்தால் ஃபேஸ்புக் சந்தேகப்பட்டுக் கணக்கைப் பூட்டவும் கூடும். பேஜுக்கு அவர் ஒருவர்தான் அட்மின் என்றால் பேஜும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

அன்று அந்தச் செய்தியை இரண்டு பக்கமும் அழிக்கச் சொல்லி, பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லிவிட்டு, இந்தக் கடிதத்தை அனுப்பினேன். புதிதாக வரும் எல்லோருக்கும் இதையேதான் அனுப்புகிறோம்.

---

அன்புள்ள அண்ணாச்சிக்கு, வணக்கம்.

உங்கள் பேஜில் வேலை தொடங்க எங்களுக்கு அனுமதி வேண்டும். பாஸ்வேர்டும் ஓடிபியும் வேண்டாம். எங்கள் ஆட்களே கேட்டாலும் தராதீர்கள். எங்கள் ஏஜென்சியை உங்கள் பேஜுக்குப் பார்ட்னராகச் சேர்த்தால் போதும். பேஜ் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

இதைப் போனில் செய்ய வேண்டாம், கம்ப்யூட்டரில் செய்யுங்கள். உங்கள் கணக்கில் நுழைந்தபின் மேலே முகவரிப் பெட்டியில் `business.facebook.com/settings` என்று நீங்களே டைப் செய்யுங்கள். இந்தக் கடிதத்தில் அழுத்த வேண்டிய லிங்க் எதையும் வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. கடையின் பெயரில் பிசினஸ் கணக்கு இல்லையென்றால் அதை உருவாக்கச் சொல்லும். கடைப் பெயரும் உங்கள் மின்னஞ்சலும் கொடுத்து உருவாக்கி, முதலில் உங்கள் பேஜை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை நாங்கள் செய்து தரக் கூடாது, உங்கள் கையாலேயே நடக்க வேண்டும்.

அடுத்து, இடது பக்கம் `Users` என்பதன் கீழே `Partners` இருக்கும். அதில் `Add` அழுத்தினால் இரண்டு வழி காட்டும். உங்களிடம் இருப்பதைப் பார்ட்னருக்குக் கொடுப்பது ஒன்று, பார்ட்னரிடம் கேட்பது இன்னொன்று. நீங்கள் கொடுக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது எங்கள் பிசினஸ் ஐடி கேட்கும். அது ஒரு நீளமான எண். கடிதத்தின் அடியில் இருக்கிறது. டைப் செய்யும் முன், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எங்கள் அலுவலக நம்பருக்கு நீங்களே போன் போட்டு, எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபாருங்கள்.

அப்புறம் உங்கள் பேஜைத் தேர்ந்தெடுத்தால், என்னென்ன அனுமதி என்று வரிசையாகக் காட்டும். `Content`, `Community activity`, `Ads`, `Insights` ஆகிய நான்கை மட்டும் போடுங்கள். பதிவு போட, பின்னூட்டங்களைக் கவனிக்க, விளம்பரம் கொடுக்க, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள இவை போதும். `Messages` வேண்டாம். வாடிக்கையாளர் விலை கேட்பதற்குக் கடையில்தான் பதில் சொல்லப் போகிறீர்கள். கீழே `Full control` என்பதை மட்டும் எக்காரணத்துக்காகவும் தொடாதீர்கள். அது இருந்தால் மற்றவர்களை நீக்கலாம், பேஜையே அழிக்கலாம்.

சேமித்தபின் `Accounts` என்பதற்குள் `Pages` திறந்து பாருங்கள். பேஜின் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் கடைப் பெயரும், பார்ட்னர் என்ற இடத்தில் எங்கள் பெயரும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் உடனே கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் மகனையோ மகளையோ பிசினஸ் கணக்கில் இரண்டாவது அட்மினாகச் சேர்த்து, இருவர் கணக்கிலும் இரண்டு அடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவையுங்கள்.

இப்படிக்கு, உங்கள் வேலையைப் பார்க்கப்போகும் தம்பி.

---

எங்களைப் பார்ட்னராகச் சேர்க்கும் வேலையைக் கடிதத்தில் அவரையே செய்யச் சொல்லியிருப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்திலிருந்தும் அனுமதி கேட்டு அனுப்ப முடியும், அவர் சரி என்று ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்துவிடும். அதில்தான் ஆபத்து. ஏஜென்சி இரண்டு விதமாகக் கேட்கலாம். ஒன்று, பேஜ் உங்களுடையதாகவே இருக்க, வேலை செய்ய மட்டும் அனுமதி கேட்பது. மற்றொன்று `Claim`, அதாவது பேஜையே தன் பிசினஸ் கணக்குக்குள் எடுத்துக்கொள்வது. அவசரத்தில் பார்க்கும் கடைக்காரருக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஒரு பேஜ் ஒரு நேரத்தில் ஒரு பிசினஸ் கணக்குக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும்.

எங்களிடம் வந்த ஒரு ஜவுளிக்கடையில் இது நடந்திருந்தது. பழைய ஏஜென்சி எடுத்துக்கொள்வதாகக் கேட்டதற்குக் கடைக்காரர் சரி கொடுத்திருந்தார். பேஜில் முழு அதிகாரமும் அந்த ஏஜென்சி ஆட்களிடம் மட்டுமே இருந்தது. பணத் தகராறில் பிரிந்தபின் எங்களைப் பார்ட்னராகச் சேர்க்க அவர் முயன்றபோது, அவருடைய பிசினஸ் கணக்கில் அந்தப் பேஜே இல்லை. பழைய ஏஜென்சி விடுவிக்கும்வரை ஐந்து வாரம் காத்திருந்தோம். தீபாவளிக்கு முந்தைய ஐந்து வாரம் அது. ஒரு ஜவுளிக்கடைக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்லத் தேவையில்லை.

ஏமாற்றுக்காரர்களும் இதே வழியில்தான் வருகிறார்கள். தங்கள் பிசினஸ் கணக்குக்கு மெட்டா நிறுவனத்தின் பெயர் போலவே ஒரு பெயர் வைத்துக்கொண்டு அழைப்பு அனுப்புகிறார்கள். அழைப்பை அனுப்புவது ஃபேஸ்புக்கின் சொந்த வசதி என்பதால், மின்னஞ்சல் `facebookmail.com` என்ற உண்மையான முகவரியிலிருந்தே வந்து சேரும். அதனால் முகவரி சரியாக இருக்கிறதே என்று நம்பிவிட முடியாது. நீங்கள் எதிர்பார்க்காத நாளில் வந்த அழைப்பு எதையும், யார் பெயரில் வந்தாலும், போன் போட்டு விசாரிக்காமல் ஏற்காதீர்கள்.

எங்களில் ஓர் ஆளை மட்டும் தனியாக அட்மினாகப் போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அந்த ஆள் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டால், நீங்கள் நீக்கும்வரை அனுமதி அவரோடுதான் இருக்கும். அவர் போனதே உங்களுக்குத் தெரியாது. பார்ட்னராகச் சேர்த்தால் யார் வேலை செய்வது என்பதை நாங்கள் எங்கள் கணக்கில் மாற்றிக்கொள்வோம். எங்களை வேண்டாம் என்று நினைத்தால், அதே `Partners` பக்கத்தில் எங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்து நீக்கினால் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே போய்விடுவார்கள். விளம்பரக் கணக்கையும் இதே முறையில் தனியாகக் கொடுக்கலாம். அதில் போடும் கார்டு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

அண்ணாச்சி மறுநாள் காலையில் கடை திறந்ததும் கூப்பிட்டார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் படிக்க, நான் இங்கே சரிபார்த்தேன். பதினோராவது இலக்கத்தில் ஒரு பூஜ்யம் விடுபட்டிருந்தது. திருத்தி மறுபடி முழுவதும் படித்த பிறகுதான் சேமிக்கச் சொன்னேன்.