நீந்திவிட்டு வந்த கடிகாரத்துக்குத் தொண்டை கட்டுவது ஏன்?

நீச்சல் குளத்திலிருந்து கரையேறித் துண்டைக் கையில் எடுப்பதற்குள் அண்ணனிடமிருந்து அழைப்பு. கட்டியிருந்த ஸ்மார்ட் கடிகாரத்திலேயே பேசினேன். அவர் குரல் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல அமுங்கிக் கேட்டது. நடுநடுவே எண்ணெயில் கடுகு பொரிவது போல ஒரு படபடப்பு வேறு. ஸ்பீக்கர் போயிற்று என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், எதுவுமே நடக்காதது போலத் தெளிவாகப் பாடுகிறது.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஸ்பீக்கரின் வாசலில் நடந்தது இதுதான்.

கடிகாரத்தின் மற்ற இடுக்குகளை எல்லாம் ரப்பர் வளையமும் பசையும் போட்டு அடைத்துவிடலாம். ஸ்பீக்கரை அப்படி அடைக்க முடியாது. சத்தம் என்பது காற்றைத் தள்ளுவது; தள்ள ஒரு வாசல் வேண்டும். 2016இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 2 தான் அந்த வரிசையில் நீச்சலுக்கென்று 50 மீட்டர் நீர்த்தாங்கு மதிப்பீட்டோடு வந்த முதல் கடிகாரம். அதில் ஸ்பீக்கர் வாசலை அடைக்கவில்லை. தண்ணீர் உள்ளே வரட்டும், வந்ததை ஸ்பீக்கரே அதிர்ந்து வெளியே தள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். வாசலுக்குப் பின்னால் ஒரு சிறு அறை, அதன் பின்சுவராக ஸ்பீக்கரின் சவ்வு. தண்ணீர் அந்த அறை வரைக்கும்தான் வரலாம்.

இங்கே பலரும் தடுக்கி விழுவது கடிகாரத் திரையில் உள்ள ‘வாட்டர் லாக்’ பொத்தானின் பெயரில். அதை அழுத்தினால் ஏதோ துளை மூடிக்கொள்கிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். எந்தத் துளையும் மூடுவதில்லை. பூட்டப்படுவது தொடுதிரை மட்டும்தான். திரை உங்கள் விரலை அழுத்தத்தால் அறிவதில்லை. விரல் பட்ட இடத்தில் மின்புலம் மாறுவதை வைத்து அறிகிறது. தண்ணீரும் அதே மாற்றத்தை உண்டாக்கும். ஒவ்வொரு கைவீச்சிலும் நூறு விரல்கள் தட்டுவதாகத் திரை குழம்பி, பயிற்சியை நிறுத்திவிடும், யாருக்காவது போன் போட்டுவிடும். அதனால்தான் நீச்சல் பயிற்சியைத் தொடங்கியதும் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. வாட்டர் லாக் போட மறந்து குளத்தில் இறங்கிவிட்டேனே என்று பதற வேண்டியதில்லை. உள்ளே போகும் தண்ணீர் இரண்டு விதத்திலும் ஒரே அளவுதான்.

சரி, கரகரப்புக்கு வருவோம். டீ வடிகட்டியைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வலையின் கண்களில் தண்ணீர் படலமாக நிற்கும், கீழே விழாது. ஸ்பீக்கர் வாசலிலும் இதேதான். துளையைத் தண்ணீர் முழுசாக அடைத்து நின்றால் குரல் அமுங்குகிறது. முதலில் போவது ‘ச’, ‘ஸ’ போன்ற கூர்மையான ஒலிகள். வேகமாக அதிரும் ஒலிக்குத் தண்ணீரின் எடையை அசைக்க வலு போதாது.

தண்ணீர் பாதி வடிந்து மெல்லிய படலமாகிவிட்டால் கதை வேறு. சவ்வு காற்றைத் தள்ளும்போது படலம் புடைத்துக் கிழிகிறது, அடுத்த நொடியே ஓரத்துத் தண்ணீர் கூடி மறுபடி மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு கிழிசலும் ஒரு ‘டப்’. இவை வரிசையாக வருவதுதான் அந்தக் கடுகு பொரியும் சத்தம். பேச்சில் சத்தம் ஓங்கும்போதும் கனத்த குரலிலும் இது கூடுதலாகக் கேட்கும், ஏனென்றால் அப்போதுதான் சவ்வு அதிக தூரம் நகர்கிறது. ஆக, அமுக்கம் மாறிக் கரகரப்பு வந்தால் தண்ணீர் குறைந்துகொண்டு வருகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொட்டுத் தண்ணீருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துளை, அதில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குத் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரின் எடை கொடுக்கும் அழுத்தம் சுமார் 10 பாஸ்கல். வெளியே வர வேண்டுமானால் அது துளையின் வாயில் அரைக்கோளமாகப் புடைத்தாக வேண்டும். அதைப் பரப்பு இழுவிசை எதிர்க்கும் அழுத்தம் ஏறத்தாழ 290 பாஸ்கல். எடையைப் போல் கிட்டத்தட்ட 30 மடங்கு. நொடிக்கு நான்கு தடவை, பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வீதம் கையை உதறினாலும் கிடைக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஆறு, ஏழு மடங்குதான். உதறுவதில் கை வலிப்பதுதான் மிச்சம்.

ஸ்பீக்கரால் மட்டும் எப்படி முடிகிறது? சவ்வின் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர், அது முன்னால் நகரும் தூரம் 0.3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஒரு தள்ளலில் 15 கன மில்லிமீட்டர் காற்று கிளம்புகிறது. துளையில் அடைத்து நிற்கும் தண்ணீரோ ஒரு கன மில்லிமீட்டர்கூட இல்லை. முன்னறையில் காற்றுக்கு வேறு வழி கிடையாது, தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் வெளியேற வேண்டும்.

பின்னால் இழுக்கும்போது தண்ணீர் திரும்ப உள்ளே போய்விடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அகல் விளக்கை ஊதி அணைக்கலாம், வாயால் உறிஞ்சி அணைக்க முடியுமா? ஊதும் காற்று நேராகக் கம்பி போலப் போகிறது; உறிஞ்சும் காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. தள்ளலில் அறுந்து தெறித்த துளி போனது போனதுதான், அடுத்த இழுப்பில் அதன் இடத்துக்கு வருவது வெறும் காற்று.

இதற்கு அடித்தொண்டை ஒலிதான் சரி. கீச்சென்ற ஒலியில் சவ்வு நகரும் தூரம் மிகவும் சுருங்கிவிடும். போனில் இதே வேலைக்குப் பலரும் ஓடவிடும் ஒலி 165 ஹெர்ட்ஸ். கடிகாரத்தில் பக்கவாட்டுக் குமிழைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் (பழைய மென்பொருளில் அதைச் சுழற்ற வேண்டும்) வாட்டர் லாக் விலகி, தண்ணீரைத் தள்ள ஸ்பீக்கர் விட்டுவிட்டு ஒலிக்கும். கையை ஸ்பீக்கர் பக்கம் கீழே சாய்த்துப் பிடித்தால் துளிகள் தெறிப்பதைப் பார்க்கலாம். வெளியே வந்த துளியைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். துடைக்காமல் விட்டால் வாசலிலேயே ஒட்டி நிற்கும் துளி மறுபடி உள்ளே ஊறும்.

ஒலியால் முடிவது இவ்வளவுதான். மைக்கின் துளையிலும் காற்றழுத்த உணரியின் துளையிலும் தள்ளுவதற்கு எந்தச் சவ்வும் இல்லை. அங்கே புகுந்த தண்ணீர் தானாகத்தான் காய வேண்டும். அதுவரை நம் பேச்சு மறுமுனையில் அமுங்கிக் கேட்கலாம், உயரக் கணக்கும் பிசகலாம். இரவு சார்ஜரில் போட்டு வைத்தால் அந்தச் சிறு சூட்டில் சீக்கிரம் உலரும். ஊசி, குண்டூசி, பஞ்சுக்குச்சி எதையும் துளைக்குள் விடக் கூடாது. சவ்வு கிழிந்தால் அப்புறம் ஸ்பீக்கரையே மாற்ற வேண்டியதுதான்.

கடலில் குளித்தால் காய வைப்பது மட்டும் போதாது. உப்புத்தண்ணீர் காய்ந்தால் தண்ணீர் போகும், உப்பு போகாது. வலையிலும் சவ்விலும் படிகமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி, அதன் பிறகு ஒலியை ஓட்ட வேண்டும். அலசும்போது சோப்பு வேண்டாம். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைக்கும், தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்புகளையும் ஒலிச் சவ்வுகளையும் கெடுக்கும்.

கரகரப்பு தண்ணீராலா, பழுதாலா என்று பிரித்தறிய நான் செய்வது: ஒரே ரிங்டோனை ஒரே சத்தத்தில் மணிக்கு ஒரு தடவை ஒலிக்கவிட்டுக் கேட்பேன். தண்ணீர் என்றால் ஒவ்வொரு தடவையும் சத்தம் மாறிக்கொண்டே வரும். இரண்டு நாள் கழித்தும் அதே இடத்தில், அதே அளவுக்குக் கரகரத்தால் அது தண்ணீர் அல்ல. நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிப் பார்ப்பேன். அதற்கும் மசியவில்லை என்றால் கடிகாரத்தைச் சர்வீஸுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.