அத்தர்: சொல்லும் பொருளும்

‘அத்தர்’ என்னும் சொல்லின் வேர் அரபு மொழியில் நறுமணத்தைக் குறிக்கும் ‘இத்ர்’ என்பதாகும். அதை விற்பவரை அம்மொழி ‘அத்தார்’ என்கிறது. தேவாரத்தில் தந்தையையும் இறைவனையும் குறிக்கும் அத்தன் என்னும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அத்தரைத் தமிழில் ‘வாசனைத் திரவியம்’ என்று எழுதுவது வழக்கம். ஆனால் அச்சொல் எரிசாராயத்தில் கரைத்த தெளிப்பு செண்டையும் சேர்த்தே குறித்துவிடுகிறது. பன்னீர் என்பதும் பொருந்தாது. அது ரோஜாவைக் காய்ச்சி வடிக்கும்போது கிடைக்கும் மண நீர். அத்தர் செய்யவோ, உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் பூவும் நீரும் இட்ட செப்புப் பானையின் மூடியை மண்ணால் பூசி அடைத்துச் சூடேற்றுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே சென்று, சந்தன எண்ணெய் நிரப்பிய மற்றொரு செப்புக் கலத்தில் குளிர்கிறது. மணத்தை அந்த எண்ணெய் பற்றிக்கொள்ள, அடியில் தங்கும் நீர் பிரித்தெடுக்கப்படுகிறது. எஞ்சுவது மணமேறிய நெய்மமே என்பதால் ‘நறுநெய்’ என்பதே சரியான தமிழாகும் என்பது என் கருத்து. சந்தன எண்ணெயின் விலை உயர்ந்துவிட்டதால் இன்று மலிவான பல அத்தர்களில் திரவ பாரபின் என்னும் கனிம எண்ணெய் அடிப்பொருளாகிறது என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

தோலில் மணம் நடந்துகொள்ளும் விதத்தையும் அடிப்பொருளே தீர்மானிக்கிறது. ஒரு மணிக்கட்டில் ஒரு சொட்டு மல்லிகை அத்தரையும் மறு மணிக்கட்டில் தெளிப்பு செண்டையும் இட்டுப் பாருங்கள். எரிசாராயம் தோலின் வெப்பத்திலேயே நொடிகளில் ஆவியாகி, எலுமிச்சை போன்ற மென்மணங்களைத் தன்னோடு தூக்கிச் செல்வதால் செண்டு அறை முழுவதும் பரவுகிறது. அத்தரோ முதலில் சற்று அடங்கியே இருந்து, தோல் சூடேறச் சூடேற மெல்ல அவிழ்ந்து, அருகில் வருபவருக்கு மட்டும் எட்டுகிறது. ஆகவே அத்தரை நாடித் துடிப்புள்ள இடங்களில் சிறிதளவே தொட்டு வைக்க வேண்டும். பட்டில் பட்டால் கறை எளிதில் போகாது.

பாதுகாப்பதிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. செண்டுப் புட்டியை அடுப்புக்கும் வெயில் படும் சன்னலுக்கும் அருகில் வைக்கக் கூடாது, ஏனெனில் எரிசாராயம் எளிதில் தீப்பற்றும். மூடி தளர்ந்தால் அது ஆவியாகிக் குறையவும் செய்யும். அத்தரை நிறக் கண்ணாடிக் குப்பியில், கூடியவரை நிரம்பிய நிலையில் வைப்பதே நல்லது. பாதி காலியான குப்பியில் காற்று புகுந்து மணத்தை மாற்றும் என்பதால், மீந்ததைச் சிறிய குப்பிக்கு மாற்றிவிடலாம். மலிவான நெகிழிக் குப்பியில் எண்ணெய் நெகிழியைக் கரைத்து மணத்தைக் கெடுக்கக்கூடும். தோலில் தொட்ட குச்சியைத் துடைக்காமல் மீண்டும் குப்பிக்குள் விடக் கூடாது. சந்தன அடியில் அமைந்த அத்தர் ஆண்டுகள் செல்லச் செல்ல மென்மையாகும். ஆனால் தாவர எண்ணெயில் கலந்ததாயின் நாளடைவில் சிக்கு வாடை எழும், அவ்வாடை வந்தபின் அதை மீட்க வழியில்லை.