ஏற்காட்டில் வேகாத கொள்ளு

சேலத்தில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். கொள்ளு சாப்பிட்டால் வயிறு பொருமுகிறது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் பாதிப்பேருக்குப் பிரச்சினை கொள்ளில் இல்லை, அது வெந்த பதத்தில்தான். போன தை மாதம் ஏற்காட்டிலிருந்து வந்த ஓர் அம்மாவின் கதையைச் சொன்னால் இது புரியும்.

அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சர்க்கரை இருக்கிறது. காலையில் இட்லிக்குப் பதிலாக வாரத்தில் மூன்று நாள் கொள்ளுச் சுண்டல் சாப்பிடலாம் என்று அவரிடம் சொன்னது நான்தான். இரண்டு வாரம் கழித்து வந்தவர், "வயிறு கல்லாட்டம் ஆயிடுதுங்க மேடம், மதியம் வரைக்கும் ஏப்பம்" என்றார். கீழே சேலத்தில் இருக்கும் மகளும் அதே மாதிரிக் குக்கரில்தான் வேக வைக்கிறாராம், அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. எத்தனை விசில் என்று கேட்டேன். "ஏழு விசில் வுட்டனுங்க. மகளுக்கு நாலுலயே வெந்துடுது. மலையில தண்ணி சீக்கிரமா கொதிச்சிரும், அதனாலதான் வேகலைன்னு எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும் சொல்வதில் பாதி உண்மை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கொள்ளு மாதிரிக் கெட்டியான பயறு அந்தச் சூட்டில் வேக வெகு நேரம் எடுக்கும், அவசரப்பட்டு இறக்கினால் நடுவில் மாவு கரகரக்கும். ஆனால் இந்த அம்மா குக்கரில் வைத்தவர். குக்கர் வெளியே இருக்கும் காற்றழுத்தத்தின் மேல் தன் அழுத்தத்தையும் சேர்த்துக்கொள்வதால், சேலத்தில் உள்ளே 120 டிகிரி என்றால் ஏற்காட்டில் இரண்டு மூன்று டிகிரிதான் குறையும். அதற்குப் பதினைந்து நிமிடத்தோடு இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால் சரியாகிவிடும். நாலு விசில் ஏழாக வேண்டிய அவசியமில்லை. அதிலும் ஏழு விட்டும் வேகவில்லை என்றால் காரணம் வேறு.

ஊற வைத்ததைக் கேட்டேன். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போட்டு, காலை ஐந்தரைக்கு எடுத்து அடுப்பில் வைக்கிறார். எட்டரை மணி நேரம். சேலத்தில் இது தாராளம். ஆனால் தை மாதத்து ஏற்காட்டு இரவில், குழாய்த் தண்ணீரில், ஜன்னலோரத்தில்? குளிர்ந்த தண்ணீரைப் பயறு மெதுவாகத்தான் குடிக்கும். மலை தடுத்தது வேகுவதை அல்ல, ஊறுவதை.

வீட்டில் இருந்த அதே கொள்ளைக் கொண்டுவரச் சொல்லி, 150 கிராம் எடுத்து, ஏற்காட்டுக் குளிருக்குப் பதிலாகப் பாதியை ஃபிரிட்ஜிலும் மீதியை வெளியிலுமாக எங்கள் வீட்டில் ஊறப்போட்டேன். நன்றாக ஊறிய கொள்ளு ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை வரும், அதாவது இரண்டு பாதியும் சேர்ந்து 300 கிராமை நெருங்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்த பாதி, காலையில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குதான் வந்திருந்தது. வெளியில் வைத்த பாதியும் முழுசாக இரண்டு மடங்கு வரவில்லை. கையில் அள்ளிப் பார்த்தால் உப்பிய பயறுக்கு நடுவே சின்னதாக, பளபளப்பாக, போட்ட மாதிரியே கிடந்த பயறுகள் இருந்தன. நகத்தால் குத்தினால் இறங்கவில்லை. இவற்றின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. கொஞ்சம் இருந்தால் எந்தக் கொள்ளிலும் இருப்பதுதான், பொறுக்கி எடுத்துவிடலாம். கைப்பிடிக்குப் பத்துப் பதினைந்து என்றால் பழைய சரக்கோ என்று சந்தேகப்படுங்கள். புழுக்கமான இடத்தில் பல மாதம் கிடந்த பயறு, ஊறினாலும் வேகப் பிடிவாதம் பிடிக்கும். கேட்டதற்கு, டின்னில் போட்டு இரண்டு வருஷமாக வைத்திருக்கிறேன் என்றார். கொள்ளு கெட்டுப்போகாதே என்பது அவர் கணக்கு. கெட்டுப்போகாது, கடினமாகும்.

ஆக, குளிர் ஒன்று, பழைய சரக்கு ஒன்று. மூன்றாவதும் ஒன்று உண்டு, அது மலைக்கு அல்ல, சேலத்துக்காரர்களுக்கு. நம் ஊரில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்புத்தண்ணிதான். அதிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பயறின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பசையை இறுக்கிவிடும். மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்து, ஊற வைக்கவும் வேக வைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். புளி, தக்காளி சேர்ப்பதும் வெந்த பிறகுதான். புளிப்பும் பயறை மிருதுவாக விடாது. ஆப்பச்சோடா போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் பி1 வைட்டமின் போய்விடும், சோப்பு மாதிரி ஒரு ருசியும் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது பிடிக்காது.

அந்த அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த முறை இது. புதுக் கொள்ளு ஒரு டம்ளர், ஏறத்தாழ 150 கிராம். பொடிக்கல் கொள்ளு நிறத்திலேயே இருக்கும், அதனால் அரித்துக் கழுவ வேண்டும். மாலை ஆறு மணிக்கே, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் மூன்று டம்ளர் ஊற்றி மூடி, அடுப்படியில் வைக்கலாம். காலை ஆறுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். சேலத்தில் சித்திரை வெயிலில் இப்படிச் செய்யாதீர்கள், நுரைத்துப் புளித்த வாடை வந்துவிடும். அங்கே எட்டு மணி நேரமே போதும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், வாயுவுக்குக் காரணமான சர்க்கரைகளில் ஒரு பங்கு அதில் இறங்கியிருக்கும். "சத்து போயிடுமே" என்பார்கள். கொஞ்சம் போகத்தான் செய்யும், வயிறு ஏற்காத சத்தால் என்ன பயன்?

பிறகு விசிலை எண்ணுவதை விடச் சொன்னேன். தீயைப் பெரிதாக வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஏழு விசில் வந்துவிடும், பயறு வெந்திருக்காது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். சுண்டலுக்கு, பயறுக்கு மேல் ஒரு விரற்கடை தண்ணீரில் சேலத்தில் பதினைந்து நிமிடம், ஏற்காட்டில் பதினெட்டு. சூப்புக்கு நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும், அந்தப் பத்து நிமிடமும் வேகும் நேரம்தான். பயறு நுரைத்துப் பொங்கி விசில் துளையை அடைக்கும், எனவே தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது, ஒரு சொட்டு எண்ணெய் விடலாம். ஊற வைக்க மறந்துவிட்டால் முக்கால் மணி நேரம் ஆகும், அதைவிட அன்றைக்கு வேறு ஏதாவது செய்துகொள்வது நல்லது.

பதத்தை நாலு பயறில் பாருங்கள், ஒன்றில் அல்ல. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கினால் சுண்டலுக்கு முழுசாக மசிய வேண்டும், தோல் மட்டும் தனியாக நிற்கலாம். உள்ளே வெள்ளையாக ஒரு புள்ளி கரகரத்தால் இன்னும் ஐந்து நிமிடம். வேகாத பயறில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன, அவை சூட்டில்தான் அடங்கும். அந்த வெள்ளைப் புள்ளிதான் பல பேருக்கு மதியம் வரை ஏப்பமாக வருகிறது.

சூப்புக்கென்று தனியாக வைக்க வேண்டியதும் இல்லை. சூப்பு அளவுக்குத் தண்ணீர் வைத்து வேக வைத்து, வடித்த தண்ணீரோடு ஒரு கைப்பிடி மசித்த கொள்ளு, சீரகம், மிளகு, பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டால் இரண்டு பேருக்குச் சூப்பு. மிச்சக் கொள்ளு கொஞ்சம் குழைவாக இருக்கும், வெங்காயம் தாளித்துக் கடைந்துவிடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்து பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் இந்த வடிதண்ணீர் வேண்டாம், பொட்டாசியம் அதில்தான் இறங்கும். அவர்கள் கொள்ளையே மருத்துவரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

மாசியில் அந்த அம்மா மறுபடி வந்தார். முதல் வாரம் கால் டம்ளர் வெந்த சுண்டல் மட்டும், அப்புறம் அரை என்று ஏற்றியிருக்கிறார், வயிறு சரியாகிவிட்டது. டின்னில் இருந்த பழைய கொள்ளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "நல்லா வேக வச்சு மாட்டுக்குப் போட்டுட்டேனுங்க. ஒன்றரை மணி நேரம் வெறகடுப்புல கிடந்துது மேடம்."