முன்னிடைச்சொல்: இன், ஆன், அட்

பிரிபொசிஷன் என்ற ஆங்கிலச் சொல், 'முன்னே வைத்தல்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெயருக்கு முன்னால் நிற்பதால் தமிழில் அதனை முன்னிடைச்சொல் என்கிறோம். எனினும் அதன் வேலையைத் தமிழில் செய்பவை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் ஒட்டும் வேற்றுமை உருபுகளே. இடத்தையும் காலத்தையும் ஏழாம் வேற்றுமை ஒன்றிலேயே அடக்குகிறது தொல்காப்பியம். பழைய ஆங்கிலத்திலும் இன்று 'இன்' வரும் பல இடங்களில் 'ஆன்' வந்ததால், இவற்றின் எல்லைகளை முழுவதும் தருக்கத்தால் விளக்கிவிட முடியாது.

காலத்தைப் பொறுத்தவரை தமிழ் நமக்கு நன்றாகவே வழிகாட்டும். '9 மணிக்கு', 'திங்களன்று', 'ஜூன் மாதத்தில்' என்று நாம் இயல்பாகவே மூன்று விதமாகச் சொல்கிறோம்; அவை முறையே அட், ஆன், இன் ஆகியவற்றுக்கு நேராகின்றன. 'காலையில்' என்பதும் இன்னையே பெறும். ஆனால் 'திங்கட்கிழமை காலையில்' என்னும்போது 'இல்' மாறாதிருக்க, ஆங்கிலம் நாளை முதன்மையாகக் கொண்டு ஆனுக்கு மாறிவிடுகிறது. 'இரவில்' என்று பொதுவாகச் சொன்னால் அட் வரும். 'அடுத்த திங்களன்று' என்பதில் உள்ள 'அன்று' நம்மை ஏமாற்றும். 'நெக்ஸ்ட்' வந்துவிட்டால் பொதுவாக ஆன் தேவையில்லை.

இடத்தில் இந்த உதவி கிடைப்பதில்லை. 'காரில்', 'பஸ்ஸில்', 'பஸ் நிறுத்தத்தில்' என எங்கும் ஒரே 'இல்' இருக்க, ஆங்கிலத்தில் வரிசையாக இன், ஆன், அட் வருகின்றன.

ஐயம் எழும்போது அகராதியில் முன்னிடைச்சொல்லைத் தேடுவதைவிட, அதனோடு வரும் பெயர்ச்சொல்லின் கீழுள்ள எடுத்துக்காட்டுகளைப் பார்ப்பதே விரைவான வழி. 'வீக்கெண்ட்' என்பதன் கீழ்ப் பிரிட்டன் வழக்கில் அட், அமெரிக்க வழக்கில் ஆன் என்பது தெரியவரும். கூகுளின் Ngram Viewer பக்கத்தில், அச்சு நூல்களில் எது மிகுதி என்பதை இரு வழக்குகளுக்கும் தனித்தனியே ஒப்பிடலாம்:

```
at the weekend,on the weekend
```

ஆனால் தொடரைக் குறுக்கித் தேடினால் எண்ணிக்கை பொய் சொல்லும். `on the morning` என்று மட்டும் இட்டால் கணிசமான பயன்பாடு தெரிவதால், அதுவும் சரிதான் போலும் என்று தோன்றும். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை `on the morning of` என்று தேதியையோ நிகழ்ச்சியையோ சுட்டுபவை. எனவே அடுத்த சொல்லையும் சேர்த்தே தேட வேண்டும்.

'மூலையில்' போன்றவற்றை இந்த எண்ணிக்கையும் தீர்க்காது. அறையின் உள்மூலைக்கு இன் வரும், இரு தெருக்கள் சந்திக்கும் முனைக்கு ஆன் அல்லது அட் வரும் என்பதால், எழுதுபவர் எந்த மூலையைச் சொல்கிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.