"அரச வாரிசுரிமை" என்றால் செத்தது யார்?

போன மாதம் ஒரு சிறு நூலின் அச்சுப்படி திருத்துவதற்காக என் கைக்கு வந்தது. சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கான மொழிபெயர்ப்பு. ஆறாம் அத்தியாயத்தின் தலைப்பு "அரச வாரிசுரிமை". பக்கத்தில் இருந்து எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்த மருமகள் தலையை நிமிர்த்திக் கேட்டாள்: "மாமா, இது ராசாவுக்குப் பிறகு ஆர் ராசா எண்ட கதையோ?"

அவளைப் பிழை சொல்ல முடியாது. அந்தச் சொல் அதைத்தான் சொல்கிறது. அத்தியாயத்திலோ ராசாவும் இல்லை, முடியும் இல்லை. ஒரு நாடு இரண்டாகப் பிரிந்தால், அல்லது இரண்டு நாடுகள் ஒன்றானால், பழைய நாடு கையெழுத்திட்ட உடன்படிக்கைகளும் வாங்கிய கடன்களும் யாரைச் சேரும் என்பதுதான் அங்கே பேச்சு. இதே சொல்லைக் கருத்தரங்கிலும் பத்திரிகையிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஆங்கிலத்தில் சக்செஷன் என்பார்கள். லத்தீன் மூலத்தில் அது பின்னால் வருவது, இன்னொருவர் இடத்துக்கு வருவது, அவ்வளவுதான். வாரிசு அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். பிறமொழிச் சொல் என்பதற்காக நான் அதோடு சண்டை பிடிக்கவில்லை. நொத்தாரிசு, தோம்பு என்று ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரும் விட்டுப்போன சொற்களை வைத்துக்கொண்டே காணி எழுதும் ஊர் இது. என் சண்டை பொருளோடு.

1978ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை இதற்குத் தரும் வரைவிலக்கணத்தை எளிய தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஒரு நிலப்பரப்பின் வெளியுறவுப் பொறுப்பில் ஓர் அரசின் இடத்துக்கு இன்னோர் அரசு வருவது. அதில் உரிமை என்ற சொல்லே இல்லை. பொறுப்புத்தான் இருக்கிறது. நாங்கள் பொறுப்பை விட்டுவிட்டு, அங்கே இல்லாத உரிமையைத் தலைப்பிலேயே ஏற்றி வைத்திருக்கிறோம்.

நூலை மொழிபெயர்த்த தம்பி தொலைபேசியில் விடவில்லை. "வாரிசு கடனையும்தானே அண்ணை ஏற்கிறான்?" என்றார். நியாயமான கேள்வி. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமையில் பெற்றாரின் கடன் ஆண் பிள்ளைகளின் தலையில்தான் விடிந்தது. சீதனம் வாங்கிக்கொண்டு போன பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பொல்லாப்பு இல்லை. சரி, கடன் வாரிசைச் சேரும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்கு முதலில் தகப்பன் சாக வேண்டும். நாடு பிரியும்போது பழைய நாடு சில வேளை சாகிறது, சில வேளை சாகாமல் சுருங்கி இருக்கிறது. இந்த வித்தியாசம்தான் இந்தத் துறையின் முதல் கேள்வி. வாரிசு என்ற சொல் அதைக் கேட்கவே விடாது.

1947ஐ எடுத்துப் பாருங்கள். பிரித்தானிய இந்தியா ஐக்கிய நாடுகள் அவையின் தொடக்க உறுப்பினர். ஓகஸ்ட் 15இல் நாடு பிரிந்தது. இரண்டு பேரும் சமமான வாரிசுகள், எனவே இரண்டு பேருக்கும் கதிரை உண்டு என்பது பாகிஸ்தானின் வாதம். ஐநா ஏற்கவில்லை. இந்தியா நிலமும் சனமும் குறைந்த அதே பழைய அரசு, பாகிஸ்தான் புதிய அரசு என்று முடிவாயிற்று. பாகிஸ்தான் புதிதாக விண்ணப்பித்து செப்ரெம்பர் 30இல்தான் உறுப்பினரானது. அதாவது அங்கே செத்தவரே இல்லை.

உடன்படிக்கைகளைப் பிரித்த விதமும் பார்க்கத் தக்கது. பிரிவினைக்கு முதல் நாள் பிறந்த கட்டளை அவற்றை மூன்றாக வகுத்தது. சர்வதேச அமைப்புகளில் உள்ள உறுப்புரிமை இந்தியாவுக்கு. ஒரு குறித்த நிலத்தோடு ஒட்டிய உடன்படிக்கை அந்த நிலம் யார் பக்கம் போனதோ அவருக்கு. மற்றவை இருவருக்கும். ஆப்கானிஸ்தானுடனான டியூரண்ட் எல்லைக்கோடு அப்படித்தான் பாகிஸ்தானின் எல்லையாயிற்று. இந்த இரண்டாம் வகை எங்கள் ஊர்ப் பாதையுரிமை மாதிரி. வளவை யார் வாங்கினாலும், பின்வளவுக்காரர் கிணற்றடிக்குப் போகும் ஒழுங்கை உறுதியில் கிடக்கும். காணியை வாங்கியவரை யாராவது விற்றவரின் வாரிசு என்பார்களா?

கடன் வேறு விதமாகப் போனது. பழைய அரசு வாங்கிய கடனுக்கு வெளியாருக்கு முன்னால் இந்தியா ஒன்றே பொறுப்பேற்றது. கடன் பத்திரம் வைத்திருப்பவன் ஒரு வட்டிக்கு இரண்டு தலைநகரங்களுக்கு அலையக்கூடாது என்பதே காரணம். பாகிஸ்தான் தன் பங்கான 17.5 வீதத்தை இந்தியாவுக்குக் கட்ட வேண்டும், 1952 தொடங்கி ஐம்பது வருடத் தவணைகளில். அது கட்டப்படவில்லை. இந்திய வரவு செலவுத் திட்ட ஏடுகளில் சுமார் 300 கோடி ரூபா பாகிஸ்தானிடமிருந்து வரவேண்டியது என்று நெடுங்காலம் ஒரு வரி கிடந்தது. மறுபக்கம், கையிருப்புக் காசில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி. முதலில் 20 கோடி கொடுக்கப்பட்டது. காஷ்மீர்ச் சண்டையால் நின்ற மிகுதி 55 கோடியை, காந்தி உண்ணாவிரதம் இருந்த 1948 ஜனவரியில் இந்தியா கொடுத்துவிட்டது. இத்தனை பேரமும் பங்கீடும் நடந்த இடத்தில் வாரிசு எங்கே நிற்கிறார்?

குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளுக்கு 1978இன் உடன்படிக்கை ஒரு சலுகை தருகிறது: பழைய ஆட்சியாளர் போட்ட உடன்படிக்கைகளைத் தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. இதை அந்த நூல் "சுத்தமான பலகைக் கோட்பாடு" என்கிறது. பலகையை யார் கழுவினார்களோ! புதுக்கணக்கு என்றால் சித்திரை வருடப்பிறப்புக்குக் கொப்பி திறக்கும் எந்தக் கடைக்காரருக்கும் விளங்கும். இலங்கை முழுப் புதுக்கணக்குத் திறக்கவில்லை. 1947 நவம்பர் 11இல் டி. எஸ். சேனநாயக்க கையெழுத்திட்ட வெளிவிவகார உடன்படிக்கையில், பிரித்தானியாவின் சர்வதேசக் கடப்பாடுகள் இலங்கைக்குப் பொருந்தும் அளவில் இலங்கையைச் சேரும் என்று ஒத்துக்கொண்டோம். இருவருக்குள் எழுதிய அந்தத் தாள் மட்டும் மூன்றாவது நாட்டைக் கட்டாது என்பது வேறு கதை.

எனவே நான் எழுதுவது அரசுகளின் வழியேற்பு. வழி என்பதில் பின்வருதல் இருக்கிறது, ஏற்பு என்பதில் பொறுப்பு இருக்கிறது, சாவு இல்லை. விட்டுப்போன அரசு முன்னரசு, பின்வருவது வழியரசு, சுருங்கியும் அதே ஆளாக நிற்பது தொடரரசு. ஐநாவில் சோவியத் கதிரையில் அப்படியே இருந்த ரஷ்யா தொடரரசு. 1993 தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கியா இல்லாமல் போக, அதன் இடத்தில் வந்த செக்கும் ஸ்லோவாக்கியாவும் வழியரசுகள். எல்லாரையும் வாரிசு என்றால் இந்த வித்தியாசத்தை எப்படிச் சொல்வீர்கள்?

"வழியுரிமை" என்பாரும் உண்டு. பாதி வழி வந்துவிட்டார்கள், உரிமையை மட்டும் விட மனமில்லை. "ஆட்சி மாற்றம்" என்பவர்களை என்ன செய்வது? 2022இல் இங்கே சனாதிபதி மாறினார், கடன் அப்படியே கிடந்தது. அரசு மாறாமல் ஆள் மாறினால் வழியேற்பே கிடையாது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்கு ஓடுகிறார்கள். வரைவிலக்கணம் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது, அதைத் தாங்களே மொழிபெயர்த்தும் இருக்கிறார்கள்.

தம்பி கடைசியில் உள்ளே முழுக்க மாற்றச் சம்மதித்தார். பின்னட்டை மட்டும் ஏற்கனவே அச்சாகிவிட்டதாம். அதில் "அரச வாரிசுரிமை" கொட்டை எழுத்தில் இருக்கிறது.