ரக்கூன் கண்: உச்சிவெயில் முகத்தில் விழும் நிழலுக்கு ஒரு பெயர்

நடுப்பகலில் எடுத்த படங்களில் கண் இருக்கும் இடம் இரண்டு கறுப்புக் குழியாகத் தெரியும். மூக்குக்குக் கீழே மீசை போல ஒரு நிழல் விழும். இந்தக் கண் நிழலைப் படக்காரர்கள் ஆங்கிலத்தில் 'ரக்கூன் ஐஸ்' என்பார்கள். ரக்கூன் வட அமெரிக்க விலங்கு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கொண்டது. பெயர் வர்ஜீனியாவின் பவ்ஹாட்டன் மக்கள் மொழியிலிருந்து வந்தது. 'கையால் சுரண்டுவது' என்று பொருள். 1600களின் தொடக்கத்தில் அங்கே குடியேறிய ஆங்கிலேயர் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி எழுதிக்கொண்டார்கள். மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்தால் கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டும் அறிகுறிக்கும் மருத்துவத்தில் இதே பெயர்தான்.

தமிழில் 'ரக்கூன் கண்' என்று அப்படியே எழுதினால், அந்த விலங்கைப் பார்க்காதவருக்கு ஒன்றும் புரியாது. என் தேர்வு 'கண்குழி நிழல்'. கண்குழி ஏற்கெனவே புழங்கும் சொல். நிழல் எங்கே விழுகிறது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. கூடவே 'மூக்கடி நிழல்' என்றும் சொல்லலாம். கடுவெயிலுக்கு வன்னொளி, திண்ணை நிழலில் கிடைப்பதற்கு மென்னொளி.

நிழல் ஏன் அங்கே விழுகிறது? புருவ எலும்பு கண்ணைவிட 1 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். எதிரே 45 பாகை உயரத்தில் சூரியன் இருந்தால் நிழல் 1 செ.மீ. கீழே இறங்கும். 80 பாகைக்கு ஏறிவிட்டால் அதே புருவத்தின் நிழல் 5 செ.மீ.க்கு மேல் இறங்கப் பார்க்கும். அதாவது கண் முழுவதும் உள்ளே போய்விடும். கன்னமேடு வந்துதான் நிழலை நிறுத்தும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நண்பகலில் உச்சந்தலைக்கு நேராகவே வந்துவிடுகிறது. டிசம்பரில் 53 பாகைதான் ஏறும், அதனால் அப்போது இவ்வளவு மோசமில்லை.

இந்தச் சொல் எனக்கு நன்றாகப் பதிந்தது ஒரு ஒட்டு வேலையில். சித்திரை மாதக் கல்யாணம், கோயில் வாசலில் மதியம் எடுத்த குடும்பப் படம். துபாயில் இருந்த சித்தப்பாவையும் அதில் சேர்க்க வேண்டும். அவர் அனுப்பியது ஜன்னல் ஓரத்தில் எடுத்த படம், முகமெல்லாம் மென்னொளி. அளவும் நிறமும் சரியாக வந்த பிறகும் அவர் மட்டும் அட்டையில் வெட்டி ஒட்டியது போல நின்றார்.

பக்கத்தில் நின்ற பெரியப்பாவின் முகத்தில் வெளிச்சத்தை அளந்தேன். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. நெற்றி 225, கண்குழி 70. சித்தப்பாவுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. சரி, நிழலை நாமே வரைய வேண்டியதுதான். ஃபோட்டோஷாப்பில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் Curves அடுக்கு ஒன்று போட்டு, கண்குழியின் அளவு 70க்கு வரும்வரை இருட்டாக்கினேன். அந்த இருட்டு எங்கே தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் அடுக்கின் முகமூடியை Ctrl+I அழுத்திக் கறுப்பாக்கி, எல்லா இடத்திலும் மறைத்துவிட்டு, வெள்ளைத் தூரிகையால் புருவத்துக்குக் கீழே, மூக்கடியில், தாடைக்குக் கீழே கழுத்தில் என்று நிழலைத் திறந்தேன். வடிவத்துக்குப் பெரியப்பாதான் மாதிரி.

முதல் தடவை தப்பு செய்தேன். மெத்தென்ற தூரிகையால் வரைந்ததில் அது நிழலாகத் தெரியவில்லை, கண்மை கலைந்தது போல இருந்தது. சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலம்தான். அதனால் 3 செ.மீ. தள்ளி விழும் நிழலின் ஓரம் கால் மில்லிமீட்டர் சொச்சம்தான் மங்கும். ஓரம் கத்தியால் அறுத்தது போல இருக்க வேண்டும். அப்புறம், நிழல் வெறும் சாம்பல் நிறமும் இல்லை. நீல வானம் அதைக் கொஞ்சம் குளிர்ச்சியாக்கும். தரை செம்மண்ணாக இருந்தால் மூக்கடியில் ஒரு செம்மை ஏறும்.

கருவிழியில் ஜன்னலின் வெள்ளைச் சதுரம் மின்னிக்கொண்டிருந்தது. வாசலில் ஏது ஜன்னல்? அதை அழித்தேன். நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் வியர்வைப் பளபளப்பை ஏற்றினேன். ஓரளவு பொருந்தி வந்தது.

ஆனாலும் பெரியம்மா பார்த்தவுடன், "இவன் மட்டும் ஏன்டா இப்படி முழிக்கிறான்?" என்றார். அதுதான் விஷயம். வெயிலில் நின்ற எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, புருவத்தை இறக்கி, கன்னத்தைத் தூக்கியிருந்தார்கள். சித்தப்பாவின் கண் மட்டும் நிழலில் நிற்கிறவரின் கண்ணாக அகலத் திறந்திருந்தது. கண்குழி நிழலை வரையலாம். வெயிலுக்குச் சுருங்கிய தசையை வரைவது வேறு வேலை. கடைசியில் அவரிடமே, "மத்தியானம் மொட்டை மாடியில் நின்று, வெயிலைப் பார்த்து ஒன்று எடுத்து அனுப்புங்கள் சித்தப்பா" என்று கேட்டேன். அந்தப் படத்தில் கண்குழி நிழல், மூக்கடி நிழல், சுளித்த முகம் எல்லாம் தானாகவே இருந்தன. ஒட்டப் பத்து நிமிடம்தான் ஆனது.